ஒரு டி20 நேரலைப் பதிவு: கால் இறுதியில் 64, அரையிறுதியில் 23

பின்னணி

ஒரு கிளப் கிரிக்கெட் அணிக்காக எக்ஸ் தளத்தில் ஒரு கணக்கு நடத்துகிறோம். நாங்கள் மூன்று பேர். இந்தப் போட்டித் தொடர் தொடங்கியபோது கணக்கை ஏறக்குறைய 1,900 பேர் பின்தொடர்ந்தார்கள். வழக்கமாக வாரத்துக்கு மூன்று நான்கு பதிவுகள்தான் போடுவோம்: பயிற்சிப் படம், அணிப் பட்டியல், ஆட்டம் முடிந்தபின் ஸ்கோர்.

அணி டி20 தொடரின் கால் இறுதிக்குப் போனதும், ஆட்டத்தை நேரலையாகப் பதிவிடலாம் என்று முடிவெடுத்தோம். வேலை நாளில் நடந்த ஆட்டம் அது. மைதானத்துக்கு வர முடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். பெரிய திட்டம் எதுவும் இல்லை. நாலு என்றால் ஒரு பதிவு, சிக்ஸ் என்றால் ஒரு பதிவு, விக்கெட் என்றால் ஒரு பதிவு, எல்லாவற்றிலும் எமோஜி. மைதானத்தில் உட்கார்ந்து ஒருவரே ஸ்கோரையும் குறித்துக்கொண்டு பதிவும் போட்டார். நான் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் இறுதியில் நடந்தது

அன்று 64 பதிவுகள் போனது. நாலு 23, சிக்ஸ் 11, விக்கெட் 13. மீதி 17 டாஸ், அரைசதம், இடைவேளை, திருத்தம் என்று சேர்ந்தவை. மூன்றரை மணி நேரத்துக்கு 64 என்று சராசரி போட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் கிரிக்கெட்டில் பவுண்டரிகள் சீராக விழுவதில்லை, கொத்தாக விழுகின்றன. பவர்பிளேயில் வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்கள்தான் நிற்கலாம் என்பதால் பந்து எளிதாக எல்லைக் கயிற்றுக்குப் போகும். அப்படி நான்காவது, ஐந்தாவது ஓவர்களில் ஏழு பவுண்டரியும் ஒரு விக்கெட்டும் வந்தன. பத்து நிமிடத்துக்குள் எட்டுப் பதிவுகள். அதிகம் பேரைப் பின்தொடராத ஒருவருடைய டைம்லைனில் அந்த நேரத்தில் எங்களைத் தவிர வேறு எதுவும் தெரிந்திருக்காது.

அதிலும் அந்த ஒரு விக்கெட் பதிவு தொலைந்தே போனது. எங்கள் தொடக்க ஆட்டக்காரர் அவுட் ஆனதுதான் அந்த இரண்டு ஓவர்களின் பெரிய செய்தி. அது ஏழு பவுண்டரிப் பதிவுகளுக்கு நடுவில், அதே மாதிரி எமோஜி வரிசையோடு, அதே நீளத்தில் நின்றது. "அவர் எப்போ அவுட் ஆனார்?" என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருமே பதிவுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

ஆட்டம் முடிந்தபின் வந்த ஒரு தனிச்செய்தி எங்களை உட்காரவைத்து யோசிக்க வைத்தது. "அண்ணா, நீங்க போடுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா மீட்டிங்ல ஃபோன் நடுங்கிட்டே இருந்துச்சு. பெல்லை எடுத்துட்டேன்." எங்கள் கணக்கின் மணி அடையாளத்தை அழுத்தி, ஒவ்வொரு பதிவுக்கும் அறிவிப்பு வரும்படி வைத்திருந்தவர் அவர். அதாவது எங்கள் மேல் அக்கறை மிகுந்தவர். நாங்கள் கொட்டியதன் முழு எடையும் முதலில் அவரைப் போன்றவர்கள் தலையில்தான் விழுந்தது. மறுநாள் காலைக்குள் 38 பேர் பின்தொடர்வதை நிறுத்தியிருந்தார்கள். மியூட் செய்தவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க எங்களுக்கு வழியில்லை.

கயிற்றில் பட்ட குதிகால்

அளவு ஒரு பிரச்சினை என்றால், அவசரம் இன்னொன்று. இரண்டாவது இன்னிங்ஸின் 14-வது ஓவரில் எதிரணி பேட்ஸ்மேன் லாங்-ஆன் பக்கம் தூக்கி அடித்தார். எங்கள் ஃபீல்டர் பின்னோக்கிச் சாய்ந்து பந்தைப் பிடித்தார். பந்து வீசியவர் கையை விரித்துக்கொண்டு ஓடினார். எங்கள் நண்பர் அதே நொடியில் பதிவைப் போட்டுவிட்டார்:

```
☝️☝️☝️🔥🔥 அவுட்!!! என்ன ஒரு கேட்ச்!
```

நடுவர்கள் கையை உயர்த்தவில்லை. விரலால் காற்றில் சதுரம் வரைந்து மூன்றாவது நடுவரிடம் கேட்டார்கள். காணொளியில் ஃபீல்டரின் குதிகால் கயிற்றைத் தொட்டிருந்தது தெரிந்தது. பந்து கையில் இருக்கும்போது கயிற்றைத் தொட்டால் அது சிக்ஸ். விக்கெட் என்று நாங்கள் அறிவித்த பந்து ஆறு ரன்னாக மாறிவிட்டது.

பதிவை அழித்தோம். மூலப் பதிவை அழித்தால் அதன் மறுபதிவுகளும் போய்விடும் என்பதால் எக்ஸில் தடயம் இல்லை. ஆனால் யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அங்கே அந்த பேட்ஸ்மேன் அவுட்டாகவே இருந்தார்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் பேட்ஸ்மேன் 47-இல் இருந்தபோது பந்து கயிற்றைக் கடந்தது. உடனே 4️⃣ போட்டு அரைசத வாழ்த்தும் போட்டோம். பந்து பட்டது பேடில். நடுவர் பவுண்டரிக்காகக் கையை அசைத்ததோடு, முட்டியைத் தூக்கித் தொட்டும் காட்டினார். அது லெக் பை சைகை. நான்கு ரன் அணிக்குச் சேர்ந்தது, பேட்ஸ்மேன் கணக்கில் சேரவில்லை. அவர் 47-இலேயே அவுட் ஆனார். அந்த வாழ்த்தை அழித்தபோது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்தப் பையனுடைய அம்மா அதற்குள் நன்றி சொல்லியிருந்தார்.

யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வி

இரண்டு நாள் கழித்து மூவரும் உட்கார்ந்து 64 பதிவுகளையும் ஒன்றொன்றாகப் படித்தோம். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எங்கள் பதிவு தேவையே இல்லை. சொல்லப்போனால் அது தொல்லை. மைதானத்தில் நடந்தது இணைய ஒளிபரப்பில் அரை நிமிடத்துக்கு மேல் தாமதமாகத்தான் வந்தது. நானே வீட்டில் அதை அனுபவித்தேன். திரையில் பந்துவீச்சாளர் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே ஃபோன் 'சிக்ஸ்' என்று சொல்லிவிட்டது. கிரிக்கெட்டில் ஆர்வமே இல்லாமல், அணியில் தெரிந்தவர் இருப்பதற்காக மட்டும் பின்தொடர்பவர்களுக்கும் இது வேண்டாம்.

எஞ்சியிருப்பவர் வேலையில் இருப்பவர். அரை மணிக்கு ஒருமுறை ஃபோனை எடுத்துப் பார்ப்பார். அவருக்குத் தேவை ஸ்கோர், எத்தனை ஓவர், யார் அவுட், ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பவை மட்டும். அவர் எடுத்துப் பார்க்கும்போது '🔥🔥 சிக்ஸ்!' என்று ஒரு பதிவு இருந்தால் அதில் அவருக்கு எந்தத் தகவலும் இல்லை. எத்தனையாவது ஓவர்? யார் அடித்தது? அடித்த பிறகு எத்தனை தேவை? போதாக்குறைக்கு, எக்ஸின் 'உங்களுக்காக' பகுதி பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. ஆட்டம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருவருக்கு மூன்றாவது ஓவர் சிக்ஸ் முதலில் தெரிந்தால், அவர் ஆட்டம் இன்னும் நடக்கிறது என்று நினைப்பார். அப்படி நினைத்து ஒருவர் எங்களுக்கு வாழ்த்தும் அனுப்பியிருந்தார்.

ஆகவே ஒவ்வொரு பதிவும் தனியாகக் கிடந்தாலும் பொருள் தர வேண்டும். இது எங்களுடைய முதல் முடிவு. மற்ற எல்லாம் இதிலிருந்து வந்தவை.

அரையிறுதிக்கு வகுத்த விதிகள்

முதலில் ஓவருக்கு ஒரு பதிவு என்று யோசித்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு இன்னிங்ஸுக்கு 40. அதோடு விக்கெட்டுகளும் சேர்ந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். அதனால் இன்னிங்ஸை அது இயல்பாகவே முறியும் இடங்களில் பிரித்தோம்: பவர்பிளே முடியும் 6-வது ஓவர், பாதியான 10, கடைசி அடி தொடங்கும் 15, பிறகு 20. இந்த நான்கு இடங்களில் மட்டும் கட்டாயப் பதிவு.

பவுண்டரிக்குத் தனிப் பதிவு கிடையாது. அந்தக் கட்டத்தில் விழுந்த பவுண்டரிகள் எல்லாம் அடித்த வரிசையிலேயே ஒரு வரியில் நிற்கும். அரையிறுதியில் எங்கள் பவர்பிளே பதிவு இப்படி இருந்தது:

```
பவர்பிளே முடிவு: 48/1 (6 ஓவர்)
பவுண்டரி: 4️⃣4️⃣6️⃣4️⃣6️⃣
இலக்கு 158
#அரையிறுதிநேரலை
```

இந்த ஒரு வரி ஐந்து தனிப் பதிவுகளைவிட அதிகம் சொல்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஐந்து பந்துகளில் 24 ரன், அதாவது 48-இல் சரிபாதி. மீதி 31 பந்துகளில் உதிரி ரன் சேர்த்துத்தான் மறுபாதி வந்திருக்கிறது. எமோஜி இங்கே கூச்சல் போடவில்லை, ஸ்கோர் புத்தகத்தின் வேலையைச் செய்கிறது. விதிவிலக்கு ஒன்று வைத்தோம்: ஒரே ஓவரில் 15 ரன்னுக்கு மேல் வந்தால் அந்த ஓவர் முடிந்ததும் ஒரு பதிவு போடலாம். ஆட்டத்தின் போக்கை அது மாற்றிவிடும் என்பதால்.

விக்கெட்டுக்கு மட்டும் உடனே பதிவு. ஆனால் 'உடனே' என்பதன் பொருளை மாற்றினோம். நடுவர் விரலை உயர்த்திவிட்டார் என்பது போதாது. ரிவ்யூ கேட்கலாம், முன்கால் நோ-பால் என்று வரலாம், குதிகால் கயிற்றில் பட்டிருக்கலாம். புதிய பேட்ஸ்மேன் கிரீஸுக்கு வந்து ஆடத் தயாராக நிற்கும் வரை அனுப்பு பொத்தானைத் தொடக் கூடாது. இது நீண்ட காத்திருப்பு அல்ல. சர்வதேச டி20 விதிப்படி புதிய பேட்ஸ்மேன் 90 வினாடிக்குள் தயாராக வேண்டும், எங்கள் தொடரிலும் அதே பழக்கம்தான். அந்த இடைவெளியில் பெயர், ரன், பந்து எண்ணிக்கை எல்லாம் சரிபார்த்து எழுத நேரம் கிடைக்கும். ஒளிபரப்பில் பார்ப்பவரும் அதற்குள் பார்த்து முடித்திருப்பார். ஒரே ஓவரில் இரண்டு விக்கெட் விழுந்தால் ஒரே பதிவு.

எமோஜிகளில் எதை வைப்பது என்று கொஞ்ச நேரம் பேசினோம். மட்டையும் பந்துமான 🏏 இருக்கிறது. ஸ்டம்புக்கு என்று எமோஜி இல்லை. அதனால் விக்கெட்டுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் போடுகிறார்கள். நாங்கள் நடுவரின் சைகையான ☝️ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். நாலுக்கு 4️⃣, சிக்ஸுக்கு 6️⃣. ரன் எடுக்காமல் அவுட் ஆனால் 🦆 போடலாமா என்று கேட்டார் ஒருவர். எங்கள் பையன்களுக்கு அது வலிக்கும் என்பதால் வேண்டாம் என்று விட்டோம். ராக்கெட், நெருப்பு, கைதட்டல் எதுவும் இல்லை. ஒரு நிகழ்வுக்கு ஒரே எமோஜி.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களைப் பின்தொடர்பவர்களில் பார்வையில்லாத ஒருவர் இருக்கிறார். ஸ்கிரீன் ரீடர் எமோஜியின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கும். கால் இறுதியின் ஒரு பதிவில் பத்து நெருப்பு எமோஜி இருந்தது. 'நெருப்பு' என்று பத்து முறை கேட்ட பிறகுதான் அவருக்கு ஸ்கோர் வந்தது. ஆகவே எழுத்தில் ஸ்கோர் முதலில், எமோஜி பிறகு என்ற வரிசை வைத்தோம்.

இடத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. எக்ஸில் கட்டணம் கட்டாத கணக்குக்கு ஒரு பதிவில் 280 எழுத்து. ஒவ்வொரு எமோஜியும் இரண்டாகக் கணக்காகும். தமிழில் கொம்பு, புள்ளி, விசிறி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'விக்கெட்' என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்கில் எட்டு. வீரர் பெயர்களை முன்கூட்டியே சுருக்கி ஒரு குறிப்பில் எழுதிவைத்துக்கொண்டோம்.

கடைசியாக, தப்பிக்க வழி. எல்லாப் பதிவிலும் ஒரே ஹேஷ்டேக், எழுத்து மாறாமல். டாஸ் பதிவில் இப்படிச் சொன்னோம்: நேரலை வேண்டாதவர்கள் இந்த ஹேஷ்டேக்கை 24 மணி நேரத்துக்கு மியூட் செய்யலாம், கணக்கை விட்டுப் போக வேண்டாம். எக்ஸின் மியூட் அமைப்பில் 24 மணி நேரம் என்று ஒரு தேர்வு இருப்பது பலருக்குத் தெரியாது. நேரலைக்கென்று தனிக் கணக்கு தொடங்கலாம் என்ற யோசனையும் வந்தது. இரண்டு ஆட்டத்துக்காக ஒரு புதுக் கணக்கை யாரும் தேடி வரமாட்டார்கள் என்று தள்ளிவைத்தோம்.

வேலையைப் பிரித்தோம். ஒருவர் ஸ்கோர் புத்தகம், ஒருவர் பதிவு. புத்தகத்தில் ஏறாத எதுவும் பதிவில் ஏறக் கூடாது. லெக் பை விஷயம் மறுபடி நடக்காமலிருக்க இது ஒன்றே போதும்.

அரையிறுதி நாள்

மொத்தம் 23 பதிவுகள். டாஸ் ஒன்று. கட்டப் பதிவுகள் முதல் இன்னிங்ஸில் நான்கு, துரத்தலில் மூன்று. பெரிய ஓவர்கள் மூன்று. 11 விக்கெட்டுகளுக்குப் பத்துப் பதிவுகள், ஏனென்றால் எதிரணி ஒரே ஓவரில் இரண்டை இழந்தது. கடைசி ஓவருக்கு முன்னால் ஒன்று, முடிவு ஒன்று.

காத்திருக்கும் விதி ஒன்பதாவது ஓவரிலேயே பலன் கொடுத்தது. எல்பிடபிள்யூ. நடுவர் விரலை உயர்த்திவிட்டார். பதிவு எழுதித் தயாராக இருந்தது. பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்டார். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகியிருந்தது. நாட் அவுட். எழுதியதை அழித்துவிட்டு உட்கார்ந்தோம். பின்தொடர்பவர் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒரு சறுக்கல் இருந்தது. 16-வது ஓவரின் பெரிய ஓவர் பதிவில் பவுண்டரிகளையும் ஸ்கோரையும் ஒரே வரியில் எழுதிவிட்டோம்:

```
6️⃣4️⃣6️⃣ 131/4
```

எமோஜியும் எண்தான், ஸ்கோரும் எண்தான். அறிவிப்புப் பட்டையில் சிறிதாகப் பார்த்தபோது எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் நண்பரும் அந்த ஒரு பதிவு குழப்பியது என்று பிறகு சொன்னார். எண் எமோஜி இருக்கும் வரியில் வேறு எண் வரக் கூடாது என்று அன்றே சேர்த்துக்கொண்டோம்.

கடைசி ஓவரில் ஆறு பந்தில் ஒன்பது ரன் தேவை. '149/5, ஒரு ஓவரில் 9' என்று பதிவிட்டோம். பிறகு விதிப்படி அமைதியாக இருந்தோம். 1, 2, ஒரு டாட் பால், 2. இரண்டு பந்தில் நான்கு ரன் என்று நின்றது. ஐந்தாவது பந்து கவர் திசையில் கயிற்றைத் தொட்டது. முடிவைப் போட்டோம்:

```
வென்றோம்! 158/5 (19.5 ஓவர்)
கடைசி ஓவர்: 1, 2, •, 2, 4️⃣
#அரையிறுதிநேரலை
```

விளைவு

மறுநாள் காலைக்குள் நான்கு பேர் பின்தொடர்வதை நிறுத்தியிருந்தார்கள். சாதாரண வாரத்திலும் அவ்வளவு போகும். அழித்த பதிவு ஒன்றுகூட இல்லை. "யார் எப்போ அவுட்" என்று யாரும் கேட்கவில்லை. பெல்லை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டதாக எழுதினார்.

இந்த எண்களை அப்படியே ஒப்பிட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பொறுமை இழந்தவர்கள் கால் இறுதியிலேயே போய்விட்டார்கள், இருந்தவர்கள் தாங்கக்கூடியவர்கள். அதோடு இந்த முறை அணி கடைசி ஓவரில் வென்றது. அப்படி வென்ற நாளில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் விக்கெட் செய்தி தொலையாமல் போய்ச் சேர்ந்ததும், தவறான செய்தி ஒன்றும் போகாததும் வெற்றியால் வந்தவை அல்ல.

குறை சொன்னவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் சொன்னது ஒரே குறை: கடைசி ஓவரில் ஏன் வாயை மூடிக்கொண்டீர்கள்? வேலையிடத்தில் கழிப்பறைக்குள் நின்றுகொண்டு பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன் என்று ஒருவர் எழுதினார். அவர் சொன்னது சரி. அரை மணிக்கு ஒருமுறை பார்ப்பவர்கூட அந்த நாலைந்து நிமிடம் ஃபோனை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். எங்கள் விதி எல்லா ஓவரையும் ஒரே மாதிரி பார்த்தது.

இறுதிக்கு மாற்றியவை

கடைசி ஓவரில் தேவை 15 ரன்னுக்குள் இருந்தால் பந்துக்குப் பந்து எழுதுவோம். ஆனால் ஒவ்வொரு பந்தும் புதுப் பதிவாக அல்ல. 'கடைசி ஓவர், பந்துக்குப் பந்து இதன் கீழே' என்று ஒரு பதிவு போட்டு, ஒவ்வொரு பந்தையும் அதற்குப் பதிலாகச் சேர்ப்போம். வேண்டியவர் அந்த ஒரு பதிவைத் திறந்துவைத்துக்கொள்வார். பதில்களும் சிலருடைய டைம்லைனில் வரத்தான் செய்யும். ஆறு பந்துதான் என்பதால் அது பரவாயில்லை என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். 20 ஓவரையும் இப்படி இழையாகப் போடலாமே என்ற யோசனையை ஏற்கவில்லை. இழை நீண்டால் நடுவில் வருபவருக்கு இப்போதைய ஸ்கோர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

மியூட் அறிவிப்பை டாஸ் நேரத்தில் சொன்னது தாமதம். அதைப் பார்ப்பதற்கு முன்பே பலருக்கு முதல் விக்கெட் பதிவு வந்துவிட்டது. இறுதிக்கு முந்தின நாள் மாலையே ஹேஷ்டேக்கை அறிவிப்போம். ஆனால் மியூட்டை ஆட்டத்தன்று காலையில் வைக்கச் சொல்வோம், இல்லாவிட்டால் 24 மணி நேரம் ஆட்டத்தின் நடுவிலேயே தீர்ந்துவிடும்.

15 ரன் ஓவர் விதியைப் பற்றி இன்னும் ஒத்துப்போகவில்லை. துரத்தலில் 15 பெரிய ஓவர்தான். முதல் இன்னிங்ஸின் 19-வது ஓவரில் 15 என்பது வழக்கமான ஒன்று என்பது ஸ்கோர் எழுதும் நண்பரின் வாதம். எனக்கும் அது சரியாகப் படுகிறது. இறுதியில் முதல் இன்னிங்ஸின் கடைசி ஐந்து ஓவருக்கு மட்டும் 20 என்று வைத்துப் பார்க்கப் போகிறோம்.